வாரம் இரண்டு நாளா, நாளுக்கு நான்கு பையா?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால், நிலாவெளி கழிந்ததும் களப்பின் மேல் ஒரு பாலம் வரும். அந்த இடம்தான் இறக்கக்கண்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மீன்பிடிதான் ஊரின் சீவியம். மாவட்டப் பொது வைத்தியசாலை இங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வருபவருக்கு அது ஒரு தூரமே இல்லை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, உயிருள்ள வரைக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை போய் வர வேண்டியவருக்கு அந்தத் தூரம் மருந்துச் சீட்டில் எழுதப்படாத ஒரு மருந்தளவு போல ஆகிவிடுகிறது.

திருகோணமலை மாவட்டத்துக்குச் சிறுநீரக நோய் புதிய செய்தியல்ல. காரணம் இன்னும் உறுதியாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பெருகியது. மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள பதவி சிறிபுர போன்ற நெற்செய்கைப் பகுதிகளையும் அது விட்டுவைக்கவில்லை. கரையோரத்தில் கதை வேறு. இங்கே சிறுநீரகத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். வந்த வழி எதுவானாலும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான். சிறுநீரகத்தின் வேலைத்திறன் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கி, வாந்தியும் மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தொடங்கும்போது, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவருக்கு டயலிசிஸ்தான் மிச்சம்.

டயலிசிஸ் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவு வருவது இரத்தம் ஓடும் குழாய்களோடு நிற்கும் இயந்திரம். வீட்டிலேயே, இயந்திரம் இல்லாமல், வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் இரண்டாவது வழி ஒன்றுண்டு என்பதை இங்கே பலர் நோய் முற்றி வைத்தியசாலையில் கிடக்கும் நாளில்தான் கேள்விப்படுகிறார்கள். அந்த நாளில் கேள்விப்பட்டுப் பயன் குறைவு.

இரண்டு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. மெல்லிய ஒரு சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் சுத்தமான உப்புத் திரவம். இரத்தத்தில் செறிந்திருக்கும் யூரியா, பொட்டாசியம், கிரியாற்றினின் எல்லாம் சவ்வின் நுண்துளைகளால் திரவத்துக்குள் இறங்கும். உடம்பில் தேங்கிய நீரையும் அதே சவ்வினூடாக இழுத்தெடுக்க வேண்டும். அந்தச் சவ்வு எங்கே இருக்கிறது, நாளில் எத்தனை மணிநேரம் வேலை செய்கிறது என்பவையே வித்தியாசம். மற்ற எல்லாம் அவற்றிலிருந்து பிறப்பவை.

இரத்தவழி டயலிசிஸில் சவ்வு உடம்புக்கு வெளியே இருக்கிறது. ஒரு முழம் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் உருளைக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய நூற்குழாய்கள். நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் அளவில் இரத்தம் அவற்றுக்குள் ஓட, வெளியே எதிர்த்திசையில் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் திரவம் ஓடும். நான்கு மணிநேரத்தில் 60 லீற்றர் இரத்தம் சவ்வைக் கடந்து போகிறது. நம் உடம்பில் உள்ளது ஐந்து லீற்றர் அளவுதான் என்பதால் அதே இரத்தம் பன்னிரண்டு தடவை சுற்றிவருகிறது. அதற்கு ஈடாகச் செலவாகும் திரவம் 120 லீற்றர். குழாய்நீரை மீண்டும் மீண்டும் வடித்துத்தான் அது தயாரிக்கப்படுகிறது. ஆகவே இயந்திரத்தைவிட நீர் வடிக்கும் தொகுதியும் தடையில்லாத மின்சாரமும் பயிற்சி பெற்ற தாதியரும்தான் ஒரு டயலிசிஸ் பிரிவின் உண்மையான கொள்ளளவு.

இவ்வளவு வேகமாக இரத்தத்தை எடுத்துத் திருப்பிவிடச் சாதாரண நாளம் போதாது. அதற்காக மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒரு நாடியையும் நாளத்தையும் அறுவை செய்து இணைக்கிறார்கள். ஃபிஸ்டுலா எனப்படும் இந்த ஏற்பாட்டை நியூயோர்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற வைத்தியர்களும் அவர்களது சகாக்களும் 1966இல் அறிவித்தார்கள். இன்றுவரை அதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் இணைத்த நாளம் தடித்து ஊசி தாங்கும் நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். அந்த அவகாசம் இல்லாமல் வருபவருக்குக் கழுத்தில் ஒரு தற்காலிகக் குழாய் போடுவார்கள். இரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து ஃபிஸ்டுலாவைவிட அதில் பன்மடங்கு.

வயிற்றுவழி டயலிசிஸில் சவ்வு நம்மிடமே இருக்கிறது. குடலையும் வயிற்றறையின் உட்சுவரையும் போர்த்தியிருக்கும் சுற்றுவிரி என்ற மெல்லிய படலம்தான் அது. அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. தொப்புளுக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், மென்மையான ஒரு சிலிக்கன் குழாயைப் பதிக்கிறார்கள். ரென்காஃப் 1968இல் வடிவமைத்த குழாயின் சாயலே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. புண் ஆற இரண்டு வாரம் அளவில் விட்டு, பிறகு அதன் வழியாக இரண்டு லீற்றர் திரவத்தை உள்ளே விடுகிறார்கள். திரவம் நான்கு முதல் ஆறு மணிநேரம் வயிற்றுக்குள் தங்கும். அந்த நேரத்தில் நோயாளி நடக்கலாம், வலை பின்னலாம், கடையில் இருக்கலாம். பிறகு பழையதை வடியவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். ஒரு மாற்றத்துக்கு அரை மணிநேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். நாளுக்கு நான்கு தடவை, ஞாயிறும் பெருநாளும் இல்லாமல், ஒவ்வொரு நாளும்.

நீரை இழுத்தெடுப்பது எப்படி? இயந்திரத்தில் அழுத்தத்தால். வயிற்றில் சீனியால். பையிலுள்ள திரவத்தில் குளுக்கோஸ் கலந்திருக்கிறது. அது நீரைத் தன் பக்கம் இழுக்கும். 1.5, 2.5, 4.25 சதவீதம் என மூன்று வலுவில் பைகள் வரும். வலு கூடினால் அதிக நீர் வரும். கூடவே உடம்புக்குள் ஏறும் சீனியும் கூடும். நாளொன்றுக்கு 100 கிராமுக்கும் மேல் குளுக்கோஸ் இப்படி இரத்தத்தில் சேரலாம். நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் அளவை இதற்கேற்பக் கூட்ட வேண்டிவரும். கால்வீக்கம் கண்ட நாளில் வலுக்கூடிய பையைப் போட்டுவிட்டு உப்பைக் குறைக்காமல் இருப்பது இம்முறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டின் நடைமுறை வித்தியாசம் எண்களில்தான் நன்றாகத் தெரியும். அறுபது கிலோ எடையுள்ள ஒரு கடற்றொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயது, இறக்கக்கண்டியில் வீடு. பெயரும் முகமும் இல்லாத கற்பனை மனிதர்தான், கணக்கு உண்மையானது.

அவர் இரத்தவழி டயலிசிஸைத் தேர்ந்தால் எத்தனை தடவை கிடைக்கும்? வாரம் மூன்று தடவை என்பது உலக வழக்கம். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் நோயாளர் தொகைக்கு இயந்திரம் போதாமையால் பெரும்பாலானோருக்கு இரண்டு தடவையே கிடைக்கிறது. திங்களும் வியாழனும் என்றால் ஒரு இடைவெளி மூன்று நாள், மற்றது நான்கு நாள். அவருக்குச் சிறுநீர் முற்றாக நின்றுவிட்டது, நாளுக்கு ஒரு கிலோ எடை ஏறுகிறது என்று வைப்போம். கருவாடும் சோறும் சாப்பிட்டு வெயிலில் தாகம் எடுப்பவருக்கு அது பெரிய ஏற்றமல்ல. நான்காம் நாள் அவர் உடம்பில் நான்கு லீற்றர் நீர் மிகையாக நிற்கும். நான்கு மணிநேரத்தில் அதை எடுக்க மணிக்கு ஒரு லீற்றர், அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு கிட்டத்தட்ட 17 மில்லிலீற்றர் இழுக்க வேண்டும். 13க்கு மேல் போனால் இதயத்துக்குக் கேடு என்பது பல ஆய்வுகளின் முடிவு. 13 என்ற வரம்புக்குள் நின்றால் 3.1 லீற்றர்தான் எடுக்கலாம். மிச்சம் உடம்பிலேயே நிற்கும், அல்லது பிரஷர் விழுந்து கெண்டைக்கால் இழுத்துப்பிடித்து, பாதியில் நிறுத்த வேண்டிவரும்.

நீரைவிடப் பொட்டாசியம் இன்னும் ஆபத்தானது. அது ஓசையில்லாமல் ஏறி இதயத்துடிப்பையே நிறுத்தும். வாரம் மூன்று தடவை டயலிசிஸ் செய்யும் அமெரிக்க நோயாளரிடையே, டயலிசிஸ் இல்லாத இரண்டு நாள் நடுவே வரும் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணங்கள் கூடுதலாக இருப்பதை 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அங்கே நீண்ட இடைவெளி எனப்பட்டது நம் நோயாளியின் குறுகிய இடைவெளிக்குச் சமம். எனவேதான் இளநீர், வாழைப்பழம், கீரை, பழச்சாறு எல்லாவற்றிலும் இரத்தவழி டயலிசிஸ்காரருக்கு அத்தனை கட்டுப்பாடு.

அதே மனிதர் வயிற்றுவழிக்குப் போனால், எட்டு லீற்றர் உள்ளே போய் ஒன்பது, ஒன்பதரை லீற்றராக வெளியே வரும். நாளாந்தம் எடுபடும் அந்த ஒன்று, ஒன்றரை லீற்றர் இதயத்துக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பிரஷர் விழுவதில்லை. பொட்டாசியமும் தினமும் போவதால் சிலருக்கு அது குறைந்தே போய், வாழைப்பழம் சாப்பிடச் சொல்ல வேண்டிவரும். ஆனால் கழிவு அகற்றும் அளவில் இது மெதுவான முறை. வாரத்துக்கு 60 லீற்றர் அளவு உடல்நீரிலிருந்து யூரியாவை முற்றாக நீக்கியதற்குச் சமம். இயந்திரம் இரண்டு அமர்வில் 80, 90 லீற்றருக்குச் சமமாக நீக்கும்.

அப்படியானால் இயந்திரம்தானே மேல் என்று தோன்றும். இங்கேதான் பலர் கவனிக்காத மூன்றாவது ஒன்று கணக்குக்குள் வருகிறது: நோயாளியின் சொந்தச் சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் உயிர். டயலிசிஸ் தொடங்கும் நாளில் பெரும்பாலானோருக்குச் சிறுநீர் ஓரளவு போய்க்கொண்டுதான் இருக்கும். நிமிடத்துக்கு வெறும் 3 மில்லிலீற்றர் வடிகட்டும் சிறுநீரகம்கூட, வாரத்திலுள்ள 10,080 நிமிடமும் ஓயாமல் வேலை செய்வதால், 30 லீற்றர் சுத்திகரிக்கிறது. நான்கு பை வேலையில் பாதி அது. சவ்வு கடக்காத பெரிய மூலக்கூறுகளையும் அது வெளியேற்றும். அரை லீற்றரோ ஒரு லீற்றரோ சிறுநீரும் தந்து, தண்ணீர் குடிக்கச் சற்று இடம் விடும். இந்த எச்சம் இரத்தவழி டயலிசிஸில் வேகமாகக் கருகுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை பிரஷர் விழுந்தெழுவது அதற்கொரு காரணம். வயிற்றுவழியில் அது கூடுதல் காலம் நிலைக்கிறது.

என் கணிப்பில், தேர்வின் மையம் இதுதான். சிறுநீர் நன்றாகப் போகும் காலத்தில் வாரம் இரண்டு தடவை இயந்திரம் போதும். சிறுநீர் நின்ற பிறகு அது போதாது. வாரம் மூன்றாவது இடம் கிடைக்காத ஒரு நாட்டில், சிறுநீரைக் காப்பாற்றும் முறையிலிருந்து தொடங்குவதே அறிவு. முதுகுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் அந்த எச்சத்தைத்தான் முதலில் கொல்கின்றன. டயலிசிஸ் தொடங்கியாயிற்று, இனி என்ன என்று அவற்றை விழுங்குபவர் தன் மிச்சச் செல்வத்தைத் தானே எரிக்கிறார்.

எது அதிக நாள் வாழவைக்கும் என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. இரண்டுக்கும் ஆயுள் ஏறத்தாழச் சமம் என்றே பெரும் பதிவேடுகள் காட்டுகின்றன. முதல் ஓரிரு ஆண்டில் வயிற்றுவழி சற்று முன்னே நிற்கும். பிறகு அந்த முன்னிலை தேய்ந்துவிடும். ஆனால் எந்த முறைக்கு எவர் போனார் என்பதிலேயே வித்தியாசம் ஒளிந்திருக்கலாம். அதைத் தீர்க்க நெதர்லாந்தில் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வொன்று நடத்தப்பட்டு 2003இல் முடிவு வெளியானது. தகுதியான 773 பேரில் குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள் 38 பேர் மட்டுமே. இரண்டையும் விளங்கப்படுத்தியதும் மற்றவர்களுக்குத் தமக்கு எது வேண்டும் என்ற திடமான விருப்பம் பிறந்துவிட்டது. அந்த ஆய்வு ஆயுள் கேள்வியைத் தீர்க்கவில்லை. ஆயினும் விளக்கம் கிடைத்தவர் தெரிவை அதிர்ஷ்டத்திடம் விடமாட்டார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி வயிற்றுவழியின் ஆபத்தைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. ஒவ்வொரு மாற்றத்திலும் வயிற்றறைக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு மூடி திறக்கிறது. நாளுக்கு நான்கு, ஆண்டுக்கு 1,460 தடவை. ஒரு தடவை கைபட்டால் கிருமி உள்ளே. பொப்போவிச்சும் மொன்கிரீஃபும் 1976இல் இம்முறையை அறிவித்த காலத்தில் திரவம் கண்ணாடிப் போத்தல்களில் வந்தது. சுற்றுவிரி அழற்சி சில வாரத்துக்கொருமுறை வந்து நோயாளரை வாட்டியது. 1977இல் ரொறன்ரோவில் ஒரியோபூலஸ் பிளாஸ்டிக் பைக்கு மாற்றினார். பின்னர், புதிய திரவத்தின் சிறு பகுதியால் இணைப்புக் குழாயைக் கழுவி வடியவிட்ட பிறகே வயிற்றுக்குள் ஏற்றும் இரட்டைப் பை முறை வந்தது. நோயாளி இரண்டரை ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் இந்த அழற்சியைக் காணக்கூடாது என்பதே இன்றைய சர்வதேச இலக்கு.

அதை அடைவது வீட்டின் கையில். கதவையும் யன்னலையும் மூடி, மின்விசிறியை நிறுத்தி, முகமூடி கட்டி, சவர்க்காரம் போட்டுக் கைகழுவித் துடைத்து, அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கடற்கரை வீடுகளில் காற்றோடு மணலும் வரும். வெக்கையில் விசிறியை நிறுத்த மனம் வராது. நான்காம் மாதத்தில், எல்லாம் பழகிவிட்டது என்ற நினைப்பில்தான் தவறு நடக்கிறது. வடிந்த திரவம் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். பையைப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க எழுத்து வாசிக்க முடியாமல் கலங்கியிருந்தால், வயிறு வலிக்காவிட்டாலும், அந்தப் பையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காலையில் பார்ப்போம் என்று ஓரிரவு கழிப்பது சவ்வையே நிரந்தரமாகக் கெடுக்கலாம். மருந்தைத் திரவத்தோடு கலந்து வயிற்றுக்குள்ளேயே விட்டு இதைக் குணப்படுத்துகிறார்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலானோர் தப்பிவிடுவார்கள்.

சின்னச் சிக்கல்களும் உண்டு. திரவம் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் மலச்சிக்கல். நிறைந்த குடல் குழாயின் நுனியை இடம்பெயர்த்துவிடும். வடியும் திரவத்தோடு நாளுக்கு 5 முதல் 10 கிராம் வரை புரதமும் போவதால் மீனும் முட்டையும் தாராளமாக வேண்டும். இது கரையோரத்துக்கு எளிது. ஆண்டுகள் போகச் சவ்வு களைத்து நீர் இழுக்கும் திறன் குறையும். அப்போது இயந்திரத்துக்கு மாற வேண்டும். ஆகவே வயிற்றுவழி பலருக்கு முதல் கட்டம் மட்டுமே.

இறக்கக்கண்டியின் அன்றாடத்தை இரண்டோடும் பொருத்திப் பார்க்கலாம். மாதத்துக்கு 120 பை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். கால் தொன் எடையுள்ள பெட்டிகளை மழை நனைக்காத, வெயில் படாத ஒரு மூலையில் அடுக்க வீட்டில் இடம் வேண்டும். மாரி மழைக்கு ஒழுகும் ஓலைக் கொட்டிலில் அது நடவாது. களப்பில் இடுப்பளவு நீரில் இறால் பிடிப்பவருக்கு வயிற்றுக் குழாயின் வாய் நனையக்கூடாது என்ற விதி தொழிலையே மாற்றும். கரைவலை இழுப்பதும் வயிற்றில் திரவத்தோடு ஆகாது, குடலிறக்கம் வரும். ஃபிஸ்டுலா உள்ளவரும் அந்தக் கையில் கயிறு சுற்றக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அவருக்கு வாரத்தில் ஐந்து நாள் கை ஒழியும். டயலிசிஸ் நாளில் வீடு திரும்பிப் படுக்கத்தான் முடியும். வாரம் 80 கிலோமீற்றர் பயணம், கூட வருபவரின் கூலி இழப்பு, இவற்றை இலவசச் சிகிச்சை ஈடுசெய்வதில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற மாதங்களில், வீட்டில் பை அடுக்கி வைத்திருந்தவருக்கும் முச்சக்கரவண்டி தேடியவருக்கும் இருந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

வயிற்றில் முன்பு பல அறுவைகள் நடந்து உள்ளே குடல் ஒட்டிப்போனவர், பெரிய குடலிறக்கம் உள்ளவர், கண் தெரியாமலோ கை நடுங்கியோ தனியே வாழ்பவர் ஆகியோருக்கு வயிற்றுவழி பொருந்தாது, அவர்களுக்கு இயந்திரமே. இதயம் மிகப் பலவீனமானவருக்கும், ஃபிஸ்டுலாவுக்கு நாளம் கிடைக்காதவருக்கும் வயிற்றுவழியே. நடுவிலுள்ள பெருந்தொகையினரில், சிறுநீர் இன்னும் போகிறது, வீட்டில் ஒரு சுத்தமான அறையும் கருத்தான ஒரு மனைவியோ மகனோ மகளோ உண்டு என்றால், இறக்கக்கண்டி போன்ற ஊரில் வயிற்றுவழியில் தொடங்குவதே நல்லது என்பது என் முடிவு. சிறுநீர் நின்றபின் இயந்திரத்துக்கு மாறத் தயாராக, கை நாளங்களைக் காத்துவைக்க வேண்டும். கட்டாயப்படுத்தி ஒரே வழியில் தள்ளுவதும் சரியல்ல. வயிற்றுவழிதான் முதலில் என்று 2008இல் விதித்த தாய்லாந்து, 2022இல் தெரிவை நோயாளியிடம் விட்டது. மக்கள் பெருமளவில் இயந்திரத்தின் பக்கம் போனார்கள். வீட்டுச் சுமையைச் சுமக்க முடியாத குடும்பங்கள் உண்டு, அவர்களுக்கும் வழி வேண்டும்.

கிளினிக்கில் உங்கள் சிறுநீரகத் திறன் இருபதுக்குக் கீழே வந்துவிட்டதென்று சொன்னால், அன்றைக்கே மூன்றைக் கேளுங்கள்: நான் எந்த முறைக்குப் பொருத்தம், ஃபிஸ்டுலாவோ வயிற்றுக் குழாயோ எப்போது வைக்க வேண்டும், எனக்கு வாரத்தில் எத்தனை தடவை இடம் கிடைக்கும். நீங்கள் அதிகம் புழங்காத கையில் இனி ஊசியும் சேலைனும் ஏற்ற வேண்டாம், புறங்கையில் ஏற்றுங்கள் என்று எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் தாதியிடம் சொல்லுங்கள்.